பதினொரு மாத கான்ட்ராக்ட், அரை நாள் வேலை: பென்ஷனுக்குக் கணக்கில் வருமா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க பெரியம்மா பொண்ணு, அக்கா, போன் பண்ணாங்க. "டேய், பி.எஃப். வெப்சைட்ல பென்ஷன் பணத்தையும் எடுத்துக்கலாம்னு காட்டுது. 10சி படிவம்னு இருக்கு. போட்டுடவா? எப்படியும் எனக்கெல்லாம் பென்ஷன் வராது. நான் எங்கடா பத்து வருஷம் ஒரே இடத்துல வேலை பார்த்தேன்?"

"அக்கா, எதையும் அழுத்தாதீங்க. லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அன்று மதியம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவங்க வேலை வரலாற்றை ஒரு நோட்டில் எழுதினோம். இந்த எபிசோட் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

கேள்வி இதுதான். கான்ட்ராக்ட்டில் பாதி வருடம், பார்ட் டைமில் கொஞ்சம், நடுவில் வேலையே இல்லாமல் கொஞ்சம் என்று துண்டு துண்டாக வேலை பார்த்தவர்களுக்குப் பென்ஷன் தகுதி உண்டா? உண்டென்றால் அந்தத் துண்டுகளை எப்படி ஒட்டுவது? நான் பேசுவது தனியார் நிறுவன ஊழியர்களுக்கான இ.பி.எஸ்., அதாவது 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் இருக்கும் ஊழியர் ஓய்வூதியத் திட்டம் பற்றி மட்டும்.

முதலில், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

உங்க பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப்.க்குப் பிடிக்கிறார்கள். கம்பெனியும் அதே 12 சதவீதம் போடுகிறது. கம்பெனி போடுவதில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது, மீதி உங்கள் பி.எஃப். கணக்குக்கு வருகிறது. இந்த 8.33 சதவீதத்தை அதிகபட்சம் 15,000 ரூபாய் சம்பளத்துக்குத்தான் கணக்கிடுவார்கள். அதனால் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் பென்ஷனுக்குப் போவது மாதம் 1,250 ரூபாய்தான்.

பி.எஃப். என்பது உங்கள் பெயரில் இருக்கும் உண்டியல் மாதிரி. போட்ட பணமும் வட்டியும் கிடைக்கும். பென்ஷன் அப்படி இல்லை. அங்கே உங்கள் பெயரில் சேருவது பணம் அல்ல, காலம். எத்தனை வருடம் சேவை என்பதுதான் அங்கே இருப்பு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

சேவை பத்து ஆண்டு ஆகியிருந்தால் 58 வயதில் மாதாந்திர பென்ஷன். ஆகாவிட்டால் ஒரு தொகையை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது சேவையைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம்.

பத்து ஆண்டு என்றால் ஒரே இடத்திலா?

இல்லை. அக்கா மட்டுமல்ல, என் ஆபீஸில் பாதிப் பேர் இதைத் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து ஆண்டு என்பது கூட்டுத்தொகை. எத்தனை முதலாளிகள், நடுவில் எத்தனை இடைவெளி என்பதெல்லாம் விஷயமே இல்லை. இரண்டு வருடம் வேலை, மூன்று வருடம் வீடு, மறுபடி நான்கு வருடம் வேலை என்றால் சேவை ஆறு வருடம். நடுவில் இருந்த மூன்று வருடம் சேராது, ஆனால் முன்னால் இருந்த இரண்டு வருடத்தை அது அழிக்கவும் செய்யாது.

குறுகிய கான்ட்ராக்ட்டும் அப்படித்தான். பி.எஃப். சட்டத்தில் ஊழியர் என்றால் அந்த நிறுவனத்தின் வேலைக்காகச் சம்பளம் வாங்குபவர். நேரடியாக எடுத்தாலும் சரி, கான்ட்ராக்டர் மூலம் எடுத்தாலும் சரி. நிரந்தரமா தற்காலிகமா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் இத்தனை நாள் வேலை பார்த்த பிறகுதான் சேர்ப்போம் என்ற விதி இருந்தது. 1990 நவம்பருக்குப் பிறகு அது கிடையாது. சேர்ந்த முதல் நாளிலிருந்தே கணக்கு.

பார்ட் டைம்? அதற்கும் குறைந்தபட்ச மணி நேரம் என்று எதுவும் இல்லை. தினம் நாலு மணி நேரம் வேலை பார்த்தாலும் ஊழியர் ஊழியர்தான். சம்பளம் குறைவாக இருப்பதால் பென்ஷன் நிதிக்குப் போகும் தொகை குறையும். ஆனால் மாதம் மாதமாகத்தான் எண்ணப்படும். அரை நாள் வேலை பார்த்தால் அரை மாதம் என்று எண்ணுவதில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு பார்ட் டைம் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம் என்று ஒரு வருடம் உழைத்தாலும் அது இரண்டு வருடச் சேவை ஆகாது. நாட்காட்டியில் ஒரு மாதம் என்றால் சேவையிலும் ஒரு மாதம்தான்.

இன்னொரு நல்ல செய்தி. கூட்டுத்தொகையைக் கிட்டத்தட்ட முழு ஆண்டுக்குச் சரி செய்வார்கள். மிச்சம் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ஆண்டாக ஏறும், குறைவாக இருந்தால் விட்டுவிடுவார்கள். எனவே உண்மையான கோடு 120 மாதம் அல்ல. ஒன்பது வருடம் ஆறு மாதம், அதாவது 114 மாதம். கவனிங்க, ஒவ்வொரு கான்ட்ராக்ட்டையும் தனித்தனியாகச் சரி செய்வதில்லை. எல்லாவற்றையும் கூட்டிய பிறகு, கடைசியில் ஒரே ஒரு முறைதான்.

எது கணக்கில் வராது?

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இருபது பேருக்குக் குறைவாக இருக்கும் சின்ன நிறுவனம், தானாக முன்வந்து பி.எஃப்.பில் சேராதவரை வராது. அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் எடுத்த பயிற்சிக் காலம் வராது. நம்ம ஆட்கள் நிறைய பேர் மாட்டுவது மூன்றாவதில்: கன்சல்டன்ட் என்று கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்பி, பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்து மீதி வாங்குவது. தினமும் அதே ஸ்டாண்ட்-அப் மீட்டிங், அதே மேனேஜர், அதே ஒன்பது மணி. ஆனால் காகிதத்தில் நீங்கள் ஊழியர் இல்லை. பி.எஃப். கட்டாத அந்த மாதங்கள் பென்ஷன் கணக்கில் இல்லவே இல்லை.

கையில் வரும் தொகை கூடுதலாக இருக்கிறதே என்று சேருவதில் தப்பில்லை. எதை விட்டுவிட்டுச் சேருகிறோம் என்று தெரிந்து சேரணும், அவ்வளவுதான்.

அக்காவின் நோட்டு

இப்போது அந்த மதியத்துக்கு வருவோம். அக்காவுக்கு 41 வயது. அவர் வேலை பார்த்தது இப்படி.

2015 ஜூனில் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வக உதவியாளர். பதினொரு மாத கான்ட்ராக்ட். ஏப்ரலில் முடியும், மே மாதம் கிடையாது, ஜூனில் புது ஆர்டர். இப்படி மூன்று ஆண்டு. பதினொன்று மூன்று தடவை, 33 மாதம்.

பிறகு குழந்தை. 2018 மே முதல் 2019 டிசம்பர் வரை வேலை இல்லை.

2020 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை ஆட்களை அனுப்பும் ஒரு ஏஜென்சி மூலம் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி. 27 மாதம்.

2022 ஜூலையிலிருந்து ஒரு ஜவுளிக் கடை அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை, தினம் நாலு மணி நேரம், மாதச் சம்பளம். இப்போது பேசிக் 9,000 ரூபாய். 2025 அக்டோபர் வரை எண்ணினால் 40 மாதம்.

33, 27, 40. கூட்டினால் 100 மாதம், எட்டு வருடம் நாலு மாதம். 114-ஐத் தொட இன்னும் 14 மாதம்தான் பாக்கி.

அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்ப அந்த மூணு வருஷமும் எண்ணுவாங்களா? வருஷா வருஷம் வேலையை விட்டு நிறுத்தி மறுபடி எடுத்தாங்களேடா?" என்றாங்க. எண்ணுவாங்க. ஆனால் நோட்டில் எண்ணுவது வேறு, பி.எஃப். அலுவலகத்தின் கணினியில் அது இருப்பது வேறு.

நோட்டும் போர்ட்டலும் ஒத்துப்போகவில்லை

உறுப்பினர் போர்ட்டலில் `View` > `Service History` என்று ஒரு பக்கம் இருக்கிறது. ஒவ்வொரு வேலையும் சேர்ந்த தேதி, விட்ட தேதியோடு அங்கே வரணும். பி.எஃப்.க்கு ஒரு ஜோடி தேதி, இ.பி.எஸ்.க்குத் தனியாக ஒரு ஜோடி தேதி. அக்காவுக்கு இரண்டு வேலைதான் காட்டியது. கல்லூரியைக் காணோம். மொத்தம் மூன்று கோளாறு கண்டுபிடித்தோம். மூன்றுமே துண்டு வேலை பார்ப்பவர்களுக்கு வழக்கமாக வருவது என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, இரண்டு யு.ஏ.என். இந்த எண் ஒருவருக்கு ஆயுளுக்கும் ஒன்றுதான் இருக்கணும். கல்லூரி ஒரு எண் உருவாக்கியது. ஏஜென்சியில் சேரும்போது அக்கா அதைச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை, புதுசாக ஒன்று போட்டுவிட்டார்கள். பழைய சம்பள ரசீதைத் தேடி எடுத்தபோதுதான் முதல் எண்ணே தெரிந்தது. தீர்வு, பழைய கணக்கை இப்போதைய கணக்குக்கு மாற்றுவது. போர்ட்டலில் அதன் பெயர் `One Member – One EPF Account (Transfer Request)`. இரண்டு பதிவிலும் பெயர், பிறந்த தேதி, ஆதார் ஒத்துப்போகணும். ஒரு இடத்தில் அக்கா பெயருக்கு இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். அதைத் திருத்தவே முதல் வாரம் போனது.

மாற்றிய பிறகு ஒன்று நடக்கும், பயந்துவிடாதீர்கள். பாஸ்புக்கில் பி.எஃப். பணம் புதுக் கணக்குக்கு வந்து நிற்கும். பென்ஷன் பத்தியில் மட்டும் பூஜ்யம் என்று காட்டும். பணம் காணாமல் போகவில்லை. முன்பே சொன்னேனே, பென்ஷனில் உங்கள் இருப்பு காலம்தான். மாறுவது சேவைக் குறிப்பு, பணம் அல்ல. பூஜ்யத்தைப் பார்க்காமல் சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்தக் காலம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, கட்டாத மாதங்கள். ஏஜென்சி காலத்தில் பாஸ்புக்கில் 22 மாதம்தான் இருந்தது. ஐந்து மாதம் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள், கட்டவில்லை. இங்கே விதி நம் பக்கம். பென்ஷன் திட்டத்தில் சேவை என்பது பங்களிப்பு வந்த காலம் மட்டுமல்ல, வர வேண்டிய காலமும்தான். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால், அந்த ஆளை வேலைக்கு வைத்துக்கொண்ட முதன்மை நிறுவனத்திடம் வசூலிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள், பணம் பிடித்தார்கள் என்று காட்ட சம்பள ரசீதோ வங்கிக் கணக்கு விவரமோ வேண்டும். அக்காவிடம் ஐந்தில் நாலு மாத ரசீது வாட்ஸ்அப்பில் கிடந்தது. `epfigms.gov.in` தளத்தில் புகார் போட்டிருக்கிறோம். இன்னும் முடியவில்லை.

ஏஜென்சி மூலம் வேலை பார்ப்பவர்கள் இதை மட்டும் மறக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாஸ்புக்கைத் திறந்து மாதங்களை எண்ணுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அந்த ஏஜென்சியின் போர்டே இருக்காது.

மூன்றாவதுதான் எனக்கே புதுசு. சர்வீஸ் ஹிஸ்டரியில் `NCP Days` என்று ஒரு எண் வரும். பங்களிப்பு இல்லாத நாட்கள் என்று பொருள். சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்தால் அந்த நாட்களை நிறுவனம் மாதாந்திரக் கணக்கில் குறிக்கும், சேவையிலிருந்து அது கழியும். ஜவுளிக் கடையில் கணக்கு போடுபவர் முதல் ஆறு மாதம், அரை நாள் வேலைதானே என்று மாதத்துக்கு 13 நாளை இதில் போட்டிருக்கிறார். ஆறு மாதத்துக்கு 78 நாள். இரண்டரை மாதச் சேவை காற்றில் போயிற்று. அக்கா தினமும் வேலைக்குப் போய், முழு மாதத்துக்கும் சம்பளம் வாங்கியவர். அங்கே பூஜ்யம்தான் வரணும். இதை நிறுவனம்தான் திருத்தித் தரணும். நல்ல வேளை, கடைக்காரர் தப்பை ஒப்புக்கொண்டார்.

பார்ட் டைம் என்பது ஒரு நாளில் குறைந்த நேரம். வராத நாள் அல்ல. உங்கள் எண்ணைப் பார்த்து, நீங்கள் உண்மையில் எடுத்த சம்பளமில்லா விடுப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

10சி: ஒரே படிவம், இரண்டு கதவு

அக்கா அழுத்தப் போன அந்தப் படிவத்துக்கு வருவோம். வேலையை விட்டபின் போடும் இரண்டு படிவங்கள் உண்டு. 19 என்பது பி.எஃப். பணத்துக்கு. 10சி என்பது பென்ஷன் பக்கத்துக்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் 'ஃபுல் செட்டில்மென்ட்' என்று சைபர் கஃபேயில்கூடச் சொல்லித் தருகிறார்கள். அங்கேதான் சேவை அழிகிறது. 19 மட்டும் போட்டால் பி.எஃப். பணம் வெளியே வரும், பென்ஷன் சேவை அப்படியே இருக்கும்.

10சி படிவத்தில் இரண்டு வழி. ஒன்று, பணமாக எடுப்பது. எடுத்தால் அதுவரை சேர்ந்த சேவை பூஜ்யம். அடுத்த வேலையில் முதலிலிருந்து ஆரம்பம். இன்னொன்று, ஸ்கீம் சர்ட்டிஃபிகேட். பணம் வராது. இவருக்கு இத்தனை சேவை, இன்ன சம்பளம், குடும்பத்தில் இன்னார் என்று எழுதிய சான்றிதழ் வரும். மூன்று வருடம் கழித்து வேறு வேலையில் சேரும்போது அதை நிறுவனம் மூலம் கொடுத்தால் பழைய சேவை புதியதோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் பெரிய இடைவெளி வரப் போகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது பாதுகாப்பு. அடுத்த வேலை உடனே இருந்தால் சான்றிதழ் தேவையில்லை, டிரான்ஸ்ஃபர் போதும்.

ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடிவிலும் சில ஆயிரங்களுக்காக 10சி போட்டுக்கொண்டே வருபவர் இருபது வருடம் உழைத்தாலும் பென்ஷன் கணக்கில் எப்போதும் புதுசாகச் சேர்ந்தவர்தான்.

சரி, எடுத்தால் என்ன கிடைக்கும், விட்டால் என்ன கிடைக்கும்? பணமாக எடுத்தால் ஒரு வருடச் சேவைக்குச் சுமார் ஒரு மாதச் சம்பளம், அதைவிடக் கொஞ்சம் கூட. 2024 ஜூனில் விதியைத் திருத்திய பிறகு முடிந்த ஒவ்வொரு மாதத்தையும் எண்ணுகிறார்கள், ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கும் தருகிறார்கள். அக்காவுக்கு 80,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும்.

எடுக்காமல் இன்னும் 14 மாதம் வேலை பார்த்தால்? சூத்திரம் இது.

```
மாத பென்ஷன் = சராசரிச் சம்பளம் × சேவை ஆண்டுகள் ÷ 70
```

9,000 பெருக்கல் 10, வகுத்தல் 70. மாதம் சுமார் 1,286 ரூபாய். கேட்டதும் அக்கா சிரித்துவிட்டாங்க. "இதுக்காடா மூணு மணி நேரம்?" நியாயமான கேள்வி. 58 வயதுக்கு இன்னும் 17 வருடம் இருக்கிறது, அப்போது 1,286 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று நமக்கே தெரியும். இதில் விலைவாசிக்கு ஏற்ற உயர்வும் கிடையாது. ஆனால் ஆயுள் முழுக்க வரும். 80,000 ரூபாயை ஐந்தேகால் வருடத்தில் தாண்டிவிடும். அக்கா முடிவை மாற்றியது வேறொன்று. பணியில் இருக்கும்போது இறந்தால், ஒரு மாதப் பங்களிப்பு இருந்தாலே கணவனுக்கோ மனைவிக்கோ பென்ஷன் உண்டு, 25 வயது வரை பிள்ளைகளுக்கும் உண்டு. வேலையை விட்ட பிறகு இறந்தால் அந்தப் பாதுகாப்பு தொடர்வதற்குப் பத்து ஆண்டுச் சேவை முடித்திருக்க வேண்டும். அக்கா மகளுக்கு இப்போது ஏழு வயது. அக்கா நோட்டை மூடி எடுத்து வைத்துக்கொண்டாங்க. 10சி போடவில்லை.

இன்னும் 14 மாதம் என்றால் 2026 டிசம்பர். நான் சொன்னது, 2027 பிப்ரவரி வரையாவது இருங்கள் என்று. சரியாகக் கோட்டில் போய் நின்றால், ஒரு சம்பளமில்லா வாரம் போதும் கீழே தள்ள.

கடைசி ஐந்து வருடம்

சூத்திரத்தில் சராசரிச் சம்பளம் என்று வந்ததே, அது எந்தச் சம்பளத்தின் சராசரி? 2014 செப்டம்பர் முதல் விதி, திட்டத்திலிருந்து வெளியேறுவதற்கு முந்தைய 60 மாதத்தின் சராசரி. இது பார்ட் டைம்காரர்களை எப்படிப் பாதிக்கும் என்று பாருங்கள்.

ஒருவர் 15,000 உச்சவரம்பில் 12 வருடம் வேலை பார்த்துவிட்டு நிறுத்துகிறார். 15,000 பெருக்கல் 12, வகுத்தல் 70: மாதம் 2,571. அதே ஆள் நிறுத்தாமல், அதன் பிறகு 9,000 ரூபாய்க்கு ஐந்து வருடம் பார்ட் டைம் பார்க்கிறார். சேவை 17 ஆண்டு ஆகிறது. ஆனால் சராசரி 9,000 ஆகிவிடுகிறது. 9,000 பெருக்கல் 17, வகுத்தல் 70: மாதம் 2,186. ஐந்து வருடம் கூடுதலாக உழைத்து, பென்ஷன் குறைந்துவிட்டது.

ஆக பார்ட் டைம் வேலை தகுதிக்கு உதவும். தொகைக்கு உதவுமா என்பது அது வாழ்க்கையின் எந்தப் பகுதியில் வருகிறது என்பதைப் பொறுத்தது. முதலில் பார்ட் டைம், கடைசியில் முழு நேரம் என்றால் பழைய குறைந்த சம்பளம் உங்களைத் தொடாது. தலைகீழாக வந்தால் எல்லா வருடத்தையும் இழுத்துவிடும். ரிட்டயர்மென்ட்டுக்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் குறைக்கலாம் என்று நினைக்கும் அப்பா அம்மா உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டுங்கள்.

என் தப்பு

இவ்வளவு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து என் பாஸ்புக்கைத் திறந்தேன். இன்ஜினீயரிங் முடித்ததும் எனக்குக் கிடைத்தது எட்டு மாத கான்ட்ராக்ட், பேசிக் 14,500. அந்த எட்டு மாதமும் பென்ஷன் பத்தியில் மாதம் 1,208 ரூபாய் ஏறியிருக்கிறது. அதன் பிறகு சேர்ந்த நிரந்தர வேலையில் பென்ஷன் பத்தி முழுக்கப் பூஜ்யம்.

காரணம் ஒரு டிக். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் முறையாகச் சேருபவரின் பேசிக் 15,000-ஐத் தாண்டினால் அவருக்கு இ.பி.எஸ். கிடையாது. கம்பெனியின் முழு 12 சதவீதமும் பி.எஃப்.க்கே போகும். ஆனால் முன்பே குறைந்த சம்பளத்தில் இ.பி.எஸ். உறுப்பினராகி, 10சி போட்டு வெளியேறாமல் இருந்தால், சம்பளம் உயர்ந்தாலும் உறுப்பினராகவே தொடரலாம். அதாவது அந்த எட்டு மாதக் கான்ட்ராக்ட்தான் எனக்கு உள்ளே போகும் அனுமதிச் சீட்டு. புது வேலையில் சேரும்போது நிரப்பும் 11-ம் படிவத்தில், முன்பு இ.பி.எஸ். உறுப்பினராக இருந்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். எட்டு மாதம்தானே, எதுக்கு வம்பு என்று 'இல்லை' போட்டேன்.

நஷ்டம் பணத்தில் இல்லை, அது பி.எஃப்.பில் பத்திரமாக வட்டியோடு இருக்கிறது. ஆனால் இத்தனை வருடச் சேவை பென்ஷன் கணக்கில் பதிவாகவில்லை. திருத்தம் கேட்டு ஹெச்.ஆர்.க்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்காவின் ஐந்து மாதமும் என்னுடைய டிக்கும் வரிசையில் நிற்கின்றன. எது முதலில் முடிகிறதோ அதை ஒரு எபிசோடில் சொல்றேன்.

இன்று இரவு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி உங்கள் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறங்க. இ.பி.எஸ். சேர்ந்த தேதி இருக்கிறதா, பார்த்த வேலை எல்லாம் வந்திருக்கிறதா, விட்ட தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்க. பழைய கம்பெனி விட்ட தேதியைப் போடவில்லை என்றால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து `Manage` > `Mark Exit` மூலம் நீங்களே போட்டுக்கொள்ளலாம். பிறகு ஒரு நோட்டை எடுத்து மாதங்களைக் கூட்டுங்க. 114-க்கு எவ்வளவு பாக்கி என்று எழுதி வையுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம்.